டோக்கனுக்கு அரை எம்.பி.

மொழி மாதிரி ஒன்று பதில் எழுதும்போது சொற்கள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. பார்ப்பவரைக் கவர்வதற்காகச் செய்த ஏற்பாடு அது என்று பலர் நினைக்கிறார்கள். மாதிரி உண்மையிலேயே அப்படித்தான் எழுதுகிறது. அதுவரை உள்ள உரை முழுவதையும் கணக்கில் எடுத்து, அடுத்து வரவேண்டிய ஒரே ஒரு டோக்கனைத் தீர்மானிக்கிறது. அதை உரையின் கடைசியில் ஒட்டுகிறது. ஒரு டோக்கன் நீண்டுவிட்ட அந்த உரையை வைத்துக்கொண்டு அதற்கடுத்ததைத் தீர்மானிக்கிறது. டோக்கன் ஒரு முழுச் சொல்லாக இருக்கலாம், சொல்லின் துண்டாகவும் இருக்கலாம். இப்போதைக்கு ஒரு சொல் ஒரு டோக்கன் என்றே வைத்துக்கொள்வோம்.

இதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேள்வியில் 100 டோக்கன்கள், பதிலில் 500 டோக்கன்கள் என்று கொள்வோம். முதல் டோக்கனை எழுத 100 டோக்கன்களை மாதிரியின் எல்லா அடுக்குகள் வழியாகவும் செலுத்த வேண்டும். இரண்டாவதற்கு 101. ஐந்நூறாவதற்கு 599. கூட்டினால் 1,74,750 முறை ஏதோ ஒரு டோக்கன் மாதிரிக்குள் போய் வந்திருக்கும். ஆனால் உரையில் இருக்கும் டோக்கன்களோ மொத்தம் 600தான். கேள்வியின் முதல் சொல் மட்டும் 500 முறை மாதிரிக்குள் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதற்குக் கிடைத்த விடை அதே விடை.

அந்தக் கடைசி வாக்கியம் உண்மையாக இருப்பதால்தான் இந்த அத்தியாயத்துக்கே இடம் வருகிறது. அது ஏன் உண்மை என்று பார்க்க, கூகுள் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ட்ரான்ஸ்ஃபார்மர் அமைப்புக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும்.

ட்ரான்ஸ்ஃபார்மரின் ஒவ்வோர் அடுக்கிலும் ஒவ்வொரு டோக்கனுக்கும் மூன்று எண்வரிசைகள் கணக்கிடப்படுகின்றன. அவற்றுக்குக் குவெரி, கீ, வேல்யூ என்று பெயர். குவெரி என்பது அந்த டோக்கன் முன்னால் உள்ளவற்றிடம் எதைத் தேடுகிறது என்பதைக் குறிக்கும். கீ, தன்னிடம் என்ன இருக்கிறது என்று பிறர் கண்டுகொள்வதற்கான அடையாளம். வேல்யூ, கண்டுகொண்டவருக்குக் கொடுக்கும் சரக்கு. 'மழை பெய்ததால் பள்ளிக்கு' என்பது வரை எழுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பள்ளிக்கு' என்ற டோக்கன் தன் குவெரியை, தன்னுடையது உட்பட அதுவரையுள்ள எல்லாக் கீகளோடும் பெருக்கிப் பார்க்கிறது. எந்தக் கீ அதிகம் பொருந்துகிறதோ அந்த டோக்கனின் வேல்யூ அதிக எடையோடு வந்து சேர்கிறது. 'பெய்ததால்' என்பதிலிருந்து கனமான பங்கு வந்தால், அடுத்த சொல் 'விடுமுறை'யாக இருக்கும் வாய்ப்பு உயர்கிறது. இந்தச் செயலுக்குத்தான் அட்டென்ஷன் என்று பெயர்.

உரை எழுதும் மாதிரிகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு டோக்கன் தன்னையும் தனக்கு முன்னால் உள்ளவற்றையும் மட்டுமே பார்க்கலாம். பின்னால் வருபவற்றைப் பார்க்கக் கூடாது. பயிற்சியின்போது விடையைப் பார்த்து எழுதிவிடாமல் இருக்கப் போட்ட தடை இது. ஆனால் இதனால் பெரிய நன்மை ஒன்று கிடைக்கிறது. 'மழை' என்ற முதல் டோக்கன் தன்னைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. ஆகவே பின்னால் எத்தனை சொற்கள் வந்தாலும் எந்த அடுக்கிலும் அதன் கீயும் வேல்யூவும் மாறுவதில்லை. 'பெய்ததால்' முதல் இரண்டை மட்டும் பார்க்கிறது. அதுவும் ஒருமுறை கணக்கிட்டால் நிலைத்துவிடும். எழுதி முடித்த பகுதியின் கீகளும் வேல்யூகளும் கல்வெட்டைப்போல உறைந்துவிடுகின்றன. உறைந்துவிட்ட எண்களைத் திரும்பத் திரும்பக் கணக்கிடுவானேன்? நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்து வைக்கும் இடம்தான் கீ-வேல்யூ கேஷ். துறையில் சுருக்கமாக கே.வி. கேஷ் என்பார்கள்.

குவெரியை ஏன் வைத்துக்கொள்வதில்லை? ஒரு டோக்கனின் குவெரி, அந்த டோக்கனின் முறை வரும்போது ஒரே ஒரு தடவை பயன்படுகிறது. அதற்குப் பிறகு வரும் எந்த டோக்கனும் பழைய குவெரியைத் தொடுவதில்லை. கீயும் வேல்யூவும் அப்படியல்ல. பின்னால் வரும் ஒவ்வொருவரும் அவற்றைத் தேடி வருவார்கள்.

கேஷ் இருந்தால் முன்னே போட்ட கணக்கு இப்படி மாறுகிறது. கேள்வியின் 100 டோக்கன்களும் ஒரே வீச்சில் உள்ளே போகின்றன. இதை ப்ரீஃபில் என்கிறார்கள். அதன்பின் ஒவ்வோர் அடியிலும் புதிய டோக்கன் ஒன்று மட்டுமே மாதிரிக்குள் போகிறது. மொத்தம் 599 முறை. 1,74,750 எங்கே, 599 எங்கே! ஏறக்குறைய 290 மடங்கு வேலை குறைந்திருக்கிறது. கடிகாரத்தில் அதே 290 மடங்கு தெரியாது, ஜி.பி.யு. நூற்றுக்கணக்கான டோக்கன்களை ஒருசேரக் கையாளக்கூடிய இயந்திரம் என்பதால், 600 டோக்கன்களைச் செலுத்த ஒன்றைச் செலுத்துவதைப்போல 600 மடங்கு நேரம் ஆவதில்லை. இருந்தாலும் வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹக்கிங் ஃபேஸ் நூலகத்தில் கேஷை வேண்டுமென்றே அணைக்க ஒரு வழி இருக்கிறது:

```python
model.generate(**inputs, max_new_tokens=500, use_cache=False)
```

இப்படி ஓட்டினால் பதில் நீள நீள ஒவ்வொரு டோக்கனும் வர ஆகும் நேரம் கூடிக்கொண்டே போகும். கேஷ் இருந்தால் அந்த நேரம் கிட்டத்தட்ட ஒரே சீராக இருக்கும். இரண்டு ஓட்டத்திலும் எப்போதும் அதிக வாய்ப்புள்ள டோக்கனையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், தசமக் கணக்கின் சிறு பிசகுகளைத் தவிர்த்துப் பார்த்தால், இரண்டு பதில்களும் ஒன்றாகவே இருக்க வேண்டும். தொடக்கத்திலேயே வேறுபட்டால், கேஷில் ஏதோ கோளாறு. பெரும்பாலும் புதிய டோக்கனுக்குத் தவறான இட எண் போயிருக்கும். கேஷை நாமே எழுதிப் பார்க்கும்போது முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான்.

இனி செலவுப் பக்கம். மெட்டா நிறுவனம் 2023இல் வெளியிட்ட லாமா 2 வரிசையில் 700 கோடி எண்கள் கொண்ட சிறிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். அதன் அமைப்பு வெளிப்படையாகக் கிடைப்பதால் கணக்கு எளிது. அதில் 32 அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் 32 அட்டென்ஷன் ஹெட்கள். அதாவது ஒரே சமயத்தில் 32 விதமான தேடல்கள் நடக்கின்றன. ஒவ்வொரு ஹெட்டுக்கும் உரிய கீயில் 128 எண்கள், வேல்யூவில் 128 எண்கள். ஓர் எண்ணுக்கு இரண்டு பைட். இந்த விவரங்கள் மாதிரியோடு வரும் `config.json` கோப்பிலிருந்து கிடைத்துவிடும். வாய்பாடு இவ்வளவுதான்:

```
2 × num_hidden_layers × num_key_value_heads × head_dim × 2
2 × 32 × 32 × 128 × 2 = 524288
```

முதல் 2 கீக்கும் வேல்யூவுக்குமாக. கடைசி 2 பைட் கணக்கு. விடை 5,24,288 பைட், அரை எம்.பி. ஒரே ஒரு டோக்கனுக்கு. அந்த டோக்கனை எழுத்தாகச் சேமித்தால் ஐந்தாறு பைட்டில் முடிந்துவிடும். அதன் கீகளையும் வேல்யூகளையும் சேமிக்கப்போனால் அதைப்போல ஏறத்தாழ லட்சம் மடங்கு இடம் கேட்கிறது. இந்த மாதிரி தாங்கும் உச்ச நீளம் 4,096 டோக்கன். அந்த நீளத்தை எட்டிய ஓர் உரையாடலின் கேஷ் இரண்டு ஜி.பி.

இவ்வளவையும் வைத்திருக்கத்தான் வேண்டுமா, சுருக்கி ஒரு மொத்தத் தொகையாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று தோன்றும். கடைப் பேரேட்டில் நேற்றுவரை உள்ள இருப்பை மட்டும் இன்றைய பக்கத்துக்குக் கொண்டுவந்தால் பழைய பக்கங்களைப் புரட்டத் தேவையில்லை. ட்ரான்ஸ்ஃபார்மருக்கு முன் வழக்கில் இருந்த மறுசுழல் வலைப்பின்னல்கள் அப்படித்தான் வேலை செய்தன; உரை எவ்வளவு நீண்டாலும் அவை சுமந்தது ஒரே அளவுள்ள ஓர் இருப்பு எண்வரிசை. அட்டென்ஷன் தனித்தனிப் பதிவுகளையே கேட்கிறது. மூவாயிரம் டோக்கனுக்கு முன் வந்த ஒரு பெயரை இப்போதைய டோக்கன் நேராகப் போய் எடுக்க முடிவது, அந்தப் பெயரின் கீ தனியாக, கலையாமல் அங்கே இருப்பதால்தான். இந்த மாதிரிகளின் திறமைக்கும் அவற்றின் நினைவகப் பசிக்கும் காரணம் ஒன்றே. அதனால் இந்தச் செலவை ஒரு பொறியியல் அசட்டை என்று தள்ளிவிட முடியாது.

24 ஜி.பி. நினைவகம் உள்ள ஜி.பி.யு. ஒன்றில் இந்த மாதிரியை ஏற்றுவோம். மாதிரியின் எண்களே சுமார் 13 ஜி.பி.யைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் 11. இடைக் கணக்குகளுக்கு ஒன்றிரண்டு ஒதுக்கினால், உச்ச நீளத்தை எட்டிய உரையாடல்கள் நான்கு அல்லது ஐந்துக்குத்தான் இடம். அதற்குமேல் ஒருவர் வந்தால் `CUDA out of memory` என்ற வரி திரையில் வரும். இந்தப் பிழையைக் கண்டறிவதில் ஒரு சிக்கல் உண்டு. சோதனையில் குட்டிக் கேள்விகளை மட்டும் கேட்டுப் பார்த்தவருக்கு அது தென்படவே தென்படாது. நூறு டோக்கன் உரையாடல் 50 எம்.பி.தான் எடுக்கும். யாரோ நீளமான ஆவணத்தை ஒட்டும்போது, அல்லது நாலைந்து பேரின் உரையாடல் ஒரே வேளையில் நீளும்போது, நேற்றுவரை நன்றாக ஓடிய நிரல் நின்றுவிடும். மாதிரியின் அளவு மாறவில்லை, நிரலும் மாறவில்லை. வளர்ந்தது கேஷ் மட்டுமே.

இடத்தை அடைப்பது பாதிச் செலவு. மறுபாதி, அடைத்ததைத் திரும்ப வாசிப்பது. ஒவ்வொரு புதிய டோக்கனுக்கும் ஜி.பி.யு. தன் நினைவகத்திலிருந்து மாதிரியின் எண்கள் அனைத்தையும் கணக்கிடும் பகுதிக்குக் கொண்டுவர வேண்டும். கூடவே கேஷ் முழுவதையும் கொண்டுவர வேண்டும். என்விடியாவின் 80 ஜி.பி. ஏ100 வினாடிக்கு ஏறக்குறைய 2,000 ஜி.பி. வாசிக்கும். 13 ஜி.பி.யை வாசிக்க ஆறரை மில்லிவினாடி. ஒரே ஒருவருக்காக இவ்வளவையும் வாசிப்பது வீண் என்பதால், பலருடைய அடுத்த டோக்கனை ஒரே அடியில் சேர்த்துக் கணக்கிடுவார்கள். பதினாறு பேரைச் சேர்த்தால், மாதிரியின் எண்களை ஒருமுறை வாசிப்பது பதினாறு பேருக்கும் பயன்படும். ஆனால் கேஷ் அவரவருக்குத் தனி. பதினாறு பேரும் 4,096 டோக்கனை எட்டியிருந்தால் கேஷ் 32 ஜி.பி. அதை வாசிக்க மட்டும் 16 மில்லிவினாடி. மாதிரியைச் சுமப்பதைவிட, பேசியதைச் சுமக்க இரண்டரை மடங்கு நேரம்! கணக்கிடும் பகுதிகள் இதற்கிடையே பெரும்பாலும் சும்மா காத்திருக்கும். கணக்கை மிச்சம் பிடிக்கப் போட்ட ஏற்பாடு, கணக்கு மலிவாகி வாசிப்பு விலையேறிய ஓர் இடத்தில் நம்மைக் கொண்டுவந்து விடுகிறது.

இந்த நிலைமையை முன்கூட்டியே தெளிவாகச் சொன்னவர் நோம் ஷஸீர். 2017ஆம் ஆண்டு ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான அவர், 2019இல் தனியாக எழுதிய கட்டுரையில் ஒரு துணிச்சலான மாற்றத்தை முன்வைத்தார். தேடல்கள் பல இருக்கட்டும். அதாவது ஒவ்வொரு ஹெட்டுக்கும் தனிக் குவெரி இருக்கட்டும். கீயும் வேல்யூவும் எல்லா ஹெட்களுக்கும் பொதுவாக ஒன்றே போதும் என்றார். லாமா 2 அளவில் இதைச் செய்தால் கேஷ் 32இல் ஒரு பங்காகிவிடும். அவ்வளவு சுருக்கும்போது பதிலின் தரம் சற்றுக் குறைகிறது. 2023இல் கூகுள் குழு ஒன்று நடுவழியைக் காட்டியது: ஹெட்களைச் சில குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கீ, ஒரு வேல்யூ. தரம் ஏறக்குறைய பழையபடியே இருந்தது.

லாமா 2 வரிசையின் 7,000 கோடி மாதிரி இந்த நடுவழியைப் பின்பற்றுகிறது. அதில் 80 அடுக்குகள், 64 குவெரி ஹெட்கள். கீ-வேல்யூவுக்கோ எட்டே ஹெட்கள். வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள்: டோக்கனுக்கு 320 கே.பி. பத்து மடங்கு பெரிய மாதிரியின் கேஷ், சிறிய மாதிரியின் 512 கே.பி.யைவிடக் குறைவு! குழு முறை இல்லாமல் இருந்திருந்தால் அது இரண்டரை எம்.பி. ஆகியிருக்கும். ஒரு மாதிரி எவ்வளவு கேஷ் தின்னும் என்பதை அதன் மொத்த அளவை வைத்து ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. `num_key_value_heads` என்ற ஒரு வரியைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

சேமித்தது தங்கவில்லை என்பது அடுத்த கதை. கேஷ் சுருங்கியதும் உரையின் உச்ச நீளத்தைக் கூட்டினார்கள். 2024இல் வந்த லாமா 3.1இன் 800 கோடி மாதிரியில் டோக்கனுக்கு 128 கே.பி.தான். ஆனால் அது 1,31,072 டோக்கன் வரை ஏற்கும். அந்த நீளத்தில் ஒரே உரையாடலின் கேஷ் 16 ஜி.பி.; மாதிரி முழுவதும் சேர்ந்து எவ்வளவோ அவ்வளவு.

தமிழில் எழுதுபவருக்கு இதில் கூடுதல் பங்கு உண்டு. ஒரு சொல் ஒரு டோக்கன் என்று தொடக்கத்தில் வைத்துக்கொண்டோமே, ஆங்கிலத்துக்கே அது முழுதாகப் பொருந்தாது. தமிழுக்குச் சற்றும் பொருந்தாது. லாமா 2இன் டோக்கன் பட்டியலில் 32,000 பதிவுகள். அவை பெரும்பாலும் ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்தவை. 'தமிழ்' என்ற சொல்லை அது எழுத்தும் குறியுமாக உடைத்தால் ஐந்து துண்டு; பட்டியலில் இல்லாத எழுத்தைப் பைட்டுகளாக உடைக்க நேர்ந்தால் ஓர் எழுத்துக்கு மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் அதே அரை எம்.பி. ஒரே செய்தியை ஆங்கிலத்தில் சொல்வதைவிடத் தமிழில் சொல்லப் பலமடங்கு கேஷ் ஆகும் என்றால், அதே ஜி.பி.யு.வால் ஆங்கிலத்தில் கேட்பவர்களைவிடக் குறைவான தமிழர்களுக்குத்தான் ஒரே வேளையில் பதில் சொல்ல முடியும். பின்னால் வந்த மாதிரிகளின் பட்டியல்கள் பெரிதாகியுள்ளன, நிலைமை முன்னேறியிருக்கிறது. ஆனாலும் தமிழுக்காக ஒரு சேவையைத் திட்டமிடுபவர், தன் உரைகளைத் தானே டோக்கனாக உடைத்து எண்ணிப் பார்த்த பிறகே எத்தனை ஜி.பி.யு. வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும்.

கேஷை எங்கே, எப்படி வைப்பது என்பதிலும் நெடுநாள் பெரிய விரயம் இருந்தது. பதில் எவ்வளவு நீளும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே சேவையகங்கள் ஒவ்வொரு கேள்விக்கும் உச்ச நீளத்துக்கான இடத்தை ஒரே தொடர்ச்சியாக ஒதுக்கின. 2,048 டோக்கனுக்கு இடம் பிடித்துவைத்து, பதில் 200இல் முடிந்தால் மிச்சமெல்லாம் காலி. வேறு யாரும் அதைத் தொட முடியாது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு 2023இல் அளந்து பார்த்தபோது, அப்போதிருந்த அமைப்புகளில் கேஷுக்காக ஒதுக்கிய நினைவகத்தில் 20.4 முதல் 38.2 சதவீதம் வரைதான் உண்மையான டோக்கன்களைத் தாங்கியிருந்தது.

அவர்கள் கொண்டுவந்த தீர்வு, 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியின் நாளிலிருந்து இயக்க முறைமைகளில் உள்ள பக்க முறை. நினைவகத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் 16 டோக்கன். உரையாடல் வளர வளர, எங்கே கட்டம் காலியாக இருக்கிறதோ அங்கிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார்கள். எந்த உரையாடலின் எத்தனையாவது கட்டம் எங்கே இருக்கிறது என்பதை ஓர் அட்டவணை சொல்லும். கட்டங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. கடைசிக் கட்டத்தில் அதிகபட்சம் 15 டோக்கனுக்கான இடம்தான் வீணாகும். இந்த முறைக்குப் பேஜ்டு அட்டென்ஷன் என்றும், அதை வைத்து எழுதிய மென்பொருளுக்கு `vLLM` என்றும் பெயர்.

பக்க முறையால் இன்னொன்றும் எளிதானது. ஒரு நிறுவனத்தின் எல்லா உரையாடல்களும் ஒரே நீண்ட அறிவுறுத்தலோடு தொடங்கினால், அந்தப் பகுதியின் கீகளும் வேல்யூகளும் எல்லாருக்கும் ஒன்றே. ஒருமுறை கணக்கிட்டு ஒரு பிரதி வைத்துக்கொண்டு, எல்லா அட்டவணைகளையும் அதே கட்டங்களைச் சுட்டச் செய்யலாம். இங்கே நடைமுறையில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று இருக்கிறது. அறிவுறுத்தலின் முதல் வரியில் இப்போதைய தேதியையும் மணியையும் யாராவது சேர்த்துவிடுவார்கள். முன்னே உள்ளது மாறினால் பின்னே உள்ள எல்லாக் கீகளும் வேல்யூகளும் மாறும் என்பதால், அந்த ஒரு வரி பகிர்வை முழுதும் முறித்துவிடுகிறது. முதல் சொல் வரத் திடீரென்று அதிக நேரம் ஆவதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். மணியை அறிவுறுத்தலின் கடைசிக்குத் தள்ளினால் சரியாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கட்டங்கள் தீர்ந்துபோகும் வேளை வரும். அப்போது `vLLM` கடைசியாக வந்த உரையாடல் ஒன்றை நிறுத்தி, அதன் கட்டங்களைப் பறித்து மற்றவர்களுக்குத் தருகிறது. பறித்த எண்களைக் கணினியின் சாதாரண நினைவகத்துக்கு நகர்த்திவைத்துப் பிறகு கொண்டுவரலாம்; அந்த வழித்தடம் ஜி.பி.யு.வின் சொந்த நினைவகத்தைவிட மிக மெதுவானது. இல்லையேல் கேஷை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு, முறை வரும்போது முதலிலிருந்து கணக்கிடலாம். கேட்க விபரீதமாகத் தோன்றும் இந்த இரண்டாவது வழி பல நேரம் போட்டிபோடக்கூடியதாகவே இருக்கிறது. தொடக்கத்தில் கணக்குப் போட்ட அந்த 500 டோக்கன் பதிலை முதன்முதலில் எழுதியபோது ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தெரியும். 500 அடிகள் நடந்தாக வேண்டியிருந்தது. இப்போது எல்லாச் சொற்களும் கையில் இருக்கின்றன. கேள்வியையும் எழுதிய பதிலையும் சேர்த்து 600 டோக்கன்களையும் ப்ரீஃபில்லாக ஒரே வீச்சில் செலுத்தினால், இழந்த 300 எம்.பி.யும் திரும்பிவிடும்.